வெள்ளவத்தை மாமா, மாமிமாருக்கு: இரண்டு செக்கன் பொறுங்கோ

அன்புள்ள மாமா, மாமிமாருக்கு,

உங்களில் பாதிப்பேரின் பெயர் எனக்குத் தெரியாது. லிப்டுக்குள் சந்திப்போம், காலி வீதியில் மரக்கறி வாங்கும்போது சந்திப்போம், பின்னேரம் மெரைன் டிரைவில் காற்று வாங்க வரும்போது சந்திப்போம். அம்மம்மாவின் பெயரைச் சொல்லி "அவவின்ர நோர்வேப் பேத்தியோ?" என்று கேட்பீர்கள். நான் "ஓம்" என்பேன். உடனே அடுத்த கேள்வி வரும்: "தமிழ் தெரியுமோ?" முதல் கேள்வியைத் தமிழில் கேட்டு, பதிலையும் தமிழில் வாங்கிவிட்டு ஏன் இதைக் கேட்கிறீர்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சரி, அதை விடுவோம்.

இந்த மடல் போன மாதம் நடந்த ஒரு விஷயத்தைப் பற்றியது. அன்று மலர்ச்சாலையில் இருந்தவர்களுக்கு நான் யார் என்று இப்போதே தெரிந்திருக்கும்.

எங்கள் மாடியில் மூன்று கதவு தள்ளி இருந்த ஐயா மோசம் போய்விட்டார். அம்மம்மாவுக்கு 84 வயது, முழங்கால் ஏலாது, அதனால் வீட்டுக்கு ஒருவராக நான்தான் போனேன். வெள்ளைச் சுடிதார் போட்டுக்கொண்டு, பெண்கள் இருந்த பக்கத்தில் ஒரு மணித்தியாலம் பேசாமல் இருந்தேன். அதுவரை எல்லாம் சரி. வெளிக்கிடும்போது அந்த ஐயாவின் மனைவியிடம் போய், குனிந்து, அவவின் கையைப் பிடித்து, எனக்குத் தெரிந்த மிகவும் மரியாதையான வசனத்தைச் சொன்னேன்: "மாமி, போயிட்டு வாறன்."

பக்கத்தில் இருந்த நாலைந்து பேர் ஒரேயடியாக நிமிர்ந்து பார்த்தார்கள். மாமி ஒன்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினா. பின்னால் இருந்து ஒரு குரல், மெல்லமாக, ஆனால் எனக்குக் கேட்கும்படி: "வெளிநாட்டுப் பிள்ளை. அதுக்குத் தெரியாது." வாசலில் ஒரு மாமா முதுகில் தட்டி, "இட்ஸ் ஓகே மகள், டோன்ட் வொறி" என்றார். என்ன பிழை விட்டேன் என்றே தெரியாமல் ஓட்டோவில் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

அம்மம்மாதான் சொன்னா. செத்தவீட்டில் சொல்லிக்கொண்டு போகக்கூடாது, பேசாமல் எழும்பிப் போய்விட வேண்டும். "போயிட்டு வாறன்" என்றால் திரும்ப இந்த வீட்டுக்கு இப்படி ஒரு காரியத்துக்கு வருவேன் என்று அர்த்தமாகிவிடும். நான் கேட்டேன், ஏன் ஒருவரும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை என்று. அம்மம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "சின்னப்பிள்ளையளுக்கு இதை ஆர் சொல்லிக் குடுக்கிறது?" என்றா.

அந்தப் பதில் இரண்டு நாள் என்னை நித்திரை கொள்ள விடவில்லை.

ஏனென்றால் "போறன்" என்று சொல்லக்கூடாது, "போயிட்டு வாறன்" என்றுதான் சொல்லவேண்டும் என்பது எனக்கு நாலு வயதில் அடித்துச் சொல்லிக்கொடுத்தது. ஒஸ்லோவில் ஒவ்வொரு நாள் காலையும் பாலர் பாடசாலைக்குப் போக சப்பாத்து போடும்போது அம்மா அதைத் திருப்பிச் சொல்ல வைப்பா. அந்த விதியை நான் ஒரு நாளும் மறக்கவில்லை. அந்த விதிக்கு ஒரு விலக்கு இருக்கிறது என்பதுதான் தெரியாது. அந்த விலக்கு பெரியாக்களுக்கு உரியது. இங்கே வளரும் பிள்ளை, பன்னிரண்டு பதின்மூன்று வயதில் நாலைந்து செத்தவீட்டுக்காவது தாயோடு போய், தாய் பேசாமல் எழும்புவதைப் பார்த்துத் தானும் எழும்பப் பழகிவிடும். எங்கள் வீட்டில் செத்தவீடு என்றால் ஒரு ரெலிபோன் அழைப்பு. ஆரோ ஊரில் செத்துப்போவார்கள், அம்மா குசினிக்குள் நின்று அழுவா, அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு பார்க்குக்குப் போவார். இருபது வருடத்தில் நான் பார்த்த மரணங்கள் எல்லாம் அப்படித்தான் நடந்தன, ரெலிபோனுக்கு மற்றப்பக்கத்தில்.

ஆகவே "இரண்டு கலாசாரத்துக்கு நடுவில மாட்டுப்பட்டுப் போச்சுதுகள்" என்று எங்களைப் பற்றி நீங்கள் கதைக்கும்போது, நான் ஒரு சின்னத் திருத்தம் சொல்ல விரும்புகிறேன். எனக்கு நடந்தது கலாசார இழுபறி என்பதைவிட வயது இழுபறி. ஒரு மொழியில் நான் பத்து வயதிலேயே பெரிய ஆள் ஆகிவிட்டேன். மற்ற மொழியில் 27 வயதிலும் என்னை ஒருவரும் பெரிய ஆள் ஆக விடவில்லை.

முதலாவதைச் சொல்கிறேன், அது உங்களில் கனபேருக்குத் தெரியாத கதை.

அப்பா எண்பதுகளின் கடைசியில் நோர்வேக்குப் போனவர். வடக்கே பின்மார்க் பக்கம் மீன் தொழிற்சாலையில் நின்று, பிறகு ஒஸ்லோவுக்கு இறங்கி வந்தார். அம்மா 1996இல் கலியாணம் கட்டிப் போனா. நான் 1998. ஒரு வயதில் பாலர் பாடசாலை, அங்கே நாள் முழுக்க நோர்வே மொழியான நொஸ்க், பின்னேரம் நாலரை மணிக்குப் பிறகு தமிழ். அப்பாவின் நொஸ்க் தொழிற்சாலைக்குப் போதும், கடிதத்துக்குப் போதாது. அம்மாவின் நொஸ்க் கடைக்குப் போதும். அதனால் எட்டு வயதிலிருந்து வீட்டுக்கு வரும் கடிதமெல்லாம் நான்தான் வாசிப்பேன்: மின்சாரக் கட்டணம், வரி, என் பாடசாலையில் இருந்து என்னைப் பற்றி வந்த முறைப்பாடு உட்பட. (அந்த முறைப்பாட்டை நான் கொஞ்சம் நல்லவிதமாக மொழிபெயர்த்தேன். அம்மா இதை வாசித்தால் மன்னிக்கவும்.)

பத்து வயதில் அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அம்மாவுக்குக் கனநாளாக வயிற்றுக்குத்தும் இரத்தப்போக்கும். அன்றைக்கு உரைபெயர்ப்பாளர் வரவில்லை. டொக்டர் என்னைப் பார்த்து, நீ நல்லா நொஸ்க் கதைக்கிறாய், அம்மாவுக்குச் சொல்லுவாயா என்று கேட்டா. நானும் பெருமையாக ஓம் என்றேன்.

கர்ப்பப்பைக்கு நொஸ்க்கில் "லிவ்மூர்" என்பார்கள். "லிவ்" என்றால் உயிர், "மூர்" என்றால் அம்மா. அதற்குள் வரும் கட்டிகளுக்கு வழக்கத்தில் சொல்லும் சொல் "முஸ்கெல்க்னூத்தர்", அதாவது தசை முடிச்சுகள். எனக்குக் கர்ப்பப்பை என்ற தமிழ்ச் சொல் தெரியாது. பத்து வயதுப் பிள்ளைக்கு அதை எந்த வீட்டில் சொல்லிக் கொடுப்பார்கள்? ஆகவே நான் அம்மாவுக்குச் சொன்னது இதுதான்: "அம்மா, உங்கட உயிரம்மாவில முடிச்சு விழுந்திருக்காம்." அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அவ தன் அம்மாவை நினைத்துவிட்டா. ஊரில் அம்மம்மாவுக்கு ஏதோ நடந்துவிட்டது, அது இந்த டொக்டருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது என்று. நான் வயிற்றைத் தொட்டுக் காட்டி, "இதுக்குள்ள, பிள்ளை இருக்கிற இடம்" என்று விளங்கப்படுத்த ஐந்து நிமிடம் போனது.

பிறகு டொக்டர் சத்திரசிகிச்சையைப் பற்றிச் சொன்னா. கர்ப்பப்பையை எடுக்க வேண்டும், ஆறு கிழமை பாரம் தூக்கக்கூடாது, அதன் பிறகு பிள்ளை பெற முடியாது, சம்மதமா என்று கேட்கச் சொன்னா. நான் ஆறு கிழமையை மட்டும் சொன்னேன். மற்றதைச் சொன்னால் அம்மா அழுவா என்று எனக்குத் தெரியும், அழுதால் அவவை எப்படித் தேற்றுவது என்று எனக்குத் தெரியாது. அம்மா தலையாட்டினா. டொக்டர் எழுதினா. வெளியே வந்து பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்து, நான் சீரியல் சாப்பிட்டேன்.

அம்மா எப்போது அறிந்தா என்று எனக்குத் தெரியாது. ஆரோ தமிழ் மாமி ஒருவ சொல்லியிருக்க வேண்டும். என்னிடம் ஒரு நாளும் அதைப் பற்றிக் கேட்கவில்லை, ஏசவில்லை. தம்பி ஒருவன் இருக்கிறான், அதோடு நின்றது.

இப்போது நான் ஒஸ்லோவில் ஒரு ஆஸ்பத்திரியில் தாதி. சம்பளமில்லாத லீவில் அம்மம்மாவோடு இருக்க வந்திருக்கிறேன். என் வேலையில் உரைபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்வதும் ஒரு பகுதி, ரெலிபோனிலும் எடுக்கலாம். 2022 ஜனவரி 1ஆம் திகதி அங்கே ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. அரச நிறுவனங்கள் தேவைப்படும் இடத்தில் தகுதியான உரைபெயர்ப்பாளரைப் பயன்படுத்த வேண்டும், பிள்ளைகளை உரைபெயர்க்க விடக்கூடாது, அவசர நிலைமை போன்ற சில சந்தர்ப்பங்கள் தவிர. அந்தச் சட்டத்தைப் பற்றி எங்கள் பிரிவில் ஒரு மணித்தியால வகுப்பு எடுத்தார்கள். பிள்ளை மொழிபெயர்ப்பதில் என்ன பிழை வரும் என்று கேட்டபோது நான் கையை உயர்த்தவில்லை. ஆனால் எனக்குத் தெரியும். டொக்டர் ஒரு நிமிடம் கதைக்கிறார், பிள்ளை நாலு சொல்லில் முடிக்கிறது என்றால் நடுவில் ஏதோ விழுந்துவிட்டது. தாய் டொக்டரைப் பார்க்காமல் பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால், சொல்லாமல் விட்டதை அங்கே தேடுகிறா என்று அர்த்தம். இப்போது நான் அப்படி ஒரு பிள்ளையைக் கண்டால் வெளியே கூட்டிக்கொண்டு போய் ஜூஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு ரெலிபோனை எடுப்பேன்.

சரி, இதை ஏன் வெள்ளவத்தைக்கு எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். அந்தப் பிள்ளையின் தமிழ்தான் இன்றைக்கும் என் தமிழ். சாப்பாடு, குளிப்பு, ஏச்சு, கொஞ்சல், சாமி கும்பிடுவது எல்லாம் எனக்குத் தமிழில்தான் வரும். காலில் கதிரை இடித்தால் "ஐயோ அம்மா" தான் வரும், நொஸ்க் வராது. ஆனால் அங்கே வேலை, வங்கி, வீட்டு வாடகை, காதல், சண்டை, சமாதானம் எல்லாம் நொஸ்க்கில் நடந்தன. சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைக்குப் பத்து வருடம் போனேன், நல்ல புள்ளியும் எடுத்தேன், திருக்குறள் ஐம்பது பாடமாகச் சொல்லுவேன். அந்தப் புத்தகத் தமிழில் "நான் சந்தைக்குச் சென்றேன்" என்று எழுதத் தெரியும். வீட்டில் "இஞ்ச வா, சாப்பிடு" தெரியும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தமிழ்தான் உங்களுடைய தமிழ், வளர்ந்த ஆட்கள் ஒருவரோடொருவர் கதைக்கிற தமிழ். அது எனக்கு ஒருவரும் பேசிக் காட்டாத தமிழ். அம்மாவும் அப்பாவும் தங்களுக்குள் கதைக்கும்போது கேட்டிருக்கிறேன், ஆனால் கேட்பது வேறு, அது உன்னை நோக்கி வருவது வேறு.

"நீர்" என்ற சொல்லையே எடுங்கோ.

நொஸ்க்கில் எல்லாருக்கும் "டு" தான். அம்மாவுக்கு, ரீச்சருக்கு, எங்கள் பிரிவுப் பெரிய டொக்டருக்கு, தொண்ணூறு வயது நோயாளிக்கு. மரியாதைக்கு வேறொரு சொல் முன்பு இருந்தது, எழுபதுகளுக்குப் பிறகு அது அநேகமாக வழக்கொழிந்துவிட்டது. தமிழில் எனக்கு இரண்டு தெரியும்: என்னை எல்லாரும் "நீ" என்பார்கள், நான் எல்லாரையும் "நீங்கள்" என்பேன். "நீர்" என்று ஒன்று இருப்பது தெரியும், ஆனால் அதை நான் எங்கள் வீட்டில் ஒரே ஒரு இடத்தில்தான் கேட்டிருக்கிறேன். அப்பா அம்மாவைக் கூப்பிடும்போது: "இஞ்சாரும், நீர் கோப்பி குடிச்சனீரோ?" ஆகவே என் மனதில் "நீர்" என்றால் புருஷன் பெண்சாதியைக் கூப்பிடுகிற சொல்.

இங்கே வந்து மூன்றாம் கிழமை, மச்சாளின் சிநேகிதன் ஒருவன், என் வயதுதான், படியில் கண்டு "நீர் எப்ப வந்தனீர்?" என்று கேட்டான். எனக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. என்ன துணிவு இவனுக்கு என்று நினைத்து, பதில் சொல்லாமல் கதவைச் சாத்திவிட்டேன். பிறகு மச்சாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தப் பெடியன் இப்போதும் என்னைக் கண்டால் மற்றப் பக்கத்துப் படியால் போகிறான். அவனிடம் இந்த மடல் மூலமாக மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆனால் அதற்குப் பிறகு நடந்த ஒன்றைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். அம்மாவின் சீதனக் காணி விஷயமாக அம்மா தன் சார்பில் என்னை நியமித்து ஒரு அற்றோணிப் பத்திரம் அனுப்பியிருந்தா. அதைக் கொண்டு ஒரு நொத்தாரிசு ஐயாவிடம் போனேன், அறுபது வயது தாண்டியவர். கூட வந்த மாமா வழக்கம்போல முன்னுக்குப் போய், "சேர், இவள் பொரின், தமிழ் அவ்வளவு வராது, நான் சொல்லுறன்" என்றார். நொத்தாரிசு ஐயா மாமாவைப் பார்க்கவே இல்லை. கதிரையைக் காட்டி, "இரும். உம்மட அம்மான்ர முழுப்பேர் என்ன?" என்றார்.

நான் சொன்னேன். அடுத்து, காணி எத்தனை பரப்பு என்று கேட்டார். எனக்குப் பரப்பு என்றால் என்ன என்று தெரியாது. தெரியாது என்று தமிழில் எப்படி மரியாதையாகச் சொல்வது என்றும் தெரியாமல் வாயைத் திறந்து மூடினேன். இந்த இடத்தில்தான் மாமா வழக்கமாக இங்கிலீஷில் பாய்வார், பாயவும் வெளிக்கிட்டார். ஐயா கையை உயர்த்தி நிறுத்திவிட்டுப் பேனையை மேசையில் வைத்தார். பொறுத்தார். "ஐயா, பரப்பு எண்டா என்னெண்டு எனக்கு விளங்கேல்லை" என்று ஒருவாறு வந்தது. "அப்பிடிக் கேளும்" என்றுவிட்டு ஒரு கடதாசியில் கட்டம் போட்டார். பதினாறு பரப்பு ஒரு ஏக்கர். உம்மட அம்மான்ரது இரண்டு பரப்பு. உறுதியில் இந்த இடத்தில் எல்லை எழுதியிருக்கும், கிழக்கே ஆர், மேற்கே ஆர் என்று பாரும். தேசவழமைப்படி தாயின் சீதனம் எப்படி வரும் என்று பத்து நிமிடம் சொன்னார். முழுவதும் தமிழில். நடுவில் இரண்டு முறை "விளங்குதோ?" என்று கேட்டார், நான் இல்லை என்ற இடத்தில் வேறு விதமாகச் சொன்னார். அரை மணித்தியாலத்தில் எனக்கு உறுதி, எல்லை, பரப்பு, சாட்சி, பொறுப்பு என்று ஐந்தாறு பெரிய ஆட்களின் சொல் கிடைத்தது. அதைவிட, 27 வயதில் முதன்முறையாக ஒருவர் என்னோடு தமிழில் ஒரு வளர்ந்த ஆளோடு கதைப்பதுபோலக் கதைத்தார். வெளியே வந்து மாமா சொன்னது: "பாத்தியோ, பாவம், உனக்காக எவ்வளவு மெதுவாக் கதைக்கிறார்." மாமா, அவர் மெதுவாகக் கதைக்கவில்லை. பொறுத்தார்.

அந்தப் பொறுமை எவ்வளவு நேரம் தெரியுமோ? நான் பிறகு வீட்டில் மணிக்கூட்டை வைத்து, அம்மம்மாவோடு கதைக்கும்போது பார்த்தேன். எனக்கு ஒரு சொல் முதலில் நொஸ்க்கில் வரும், பிறகு தமிழில் தேடுவேன், இரண்டு செக்கன், சிலவேளை மூன்று. அந்த இடைவெளியில் உங்களுக்கு நான் மொழி தெரியாமல் நிற்பதுபோல இருக்கும், உடனே இரக்கப்பட்டு இங்கிலீஷுக்கு மாறிவிடுவீர்கள். நீங்கள் மாறிய செக்கனில்தான் எனக்கு அந்தத் தமிழ்ச் சொல் நாக்கு நுனிக்கு வந்திருக்கும், அதை விழுங்கிவிட்டு நானும் இங்கிலீஷில் பதில் சொல்லுவேன். இன்னொரு பகிடி, இங்கிலீஷ் எனக்கு மூன்றாம் மொழி. நீங்களும் மொழிபெயர்த்துக் கதைக்கிறீர்கள், நானும் மொழிபெயர்த்துக் கதைக்கிறேன், இரண்டு தமிழர் காலி வீதியில் நின்று.

"பாப்பம்" பற்றியும் ஒரு வார்த்தை. பெரியாக்களின் தமிழில் "இல்லை" என்ற சொல் இல்லை என்பதை நான் மிகவும் கஷ்டப்பட்டுத்தான் கண்டுபிடித்தேன். லண்டனில் ஒரு பெடியன் இருக்கிறான், சாதகம் தரட்டோ என்று ஒரு மாமி கேட்டா. நான் "வேண்டாம்" என்றேன். நொஸ்க்கில் அது நேர்மையான, மரியாதையான பதில். தமிழில் அந்தச் சொல்லை நான் சோற்றுக் கோப்பையைத் தள்ளும்போதுதான் பழகியிருக்கிறேன், என் வாயில் அது அப்படித்தான் வந்திருக்கும். மாமிக்குக் கோபம். அதே கேள்வியை ரெலிபோனில் அம்மம்மாவிடம் கேட்டபோது அம்மம்மா, "ஓம் ஓம், நல்ல இடம்தான், பிள்ளையும் இப்பதானே வந்திருக்கு, பாப்பம்" என்றா. நான் அம்மம்மாவோடு ஒரு நாள் கதைக்கவில்லை, என்னை விற்றுவிட்டா என்று. மூன்றாம் நாள்தான் விளங்கியது, அது முடிந்த கதை, மாமிக்கும் அது தெரியும், இரண்டு பேரும் இன்னும் சிநேகிதம். அம்மம்மாவுடைய "பாப்பம்" என்னுடைய "வேண்டாம்" ஐவிடக் கடுமையான மறுப்பு. இதை எனக்கு ஒரு புத்தகமும் சொல்லவில்லை.

நான் உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. நான் நிற்கும்போது நீங்களும் நில்லுங்கோ, இரண்டு செக்கன். சொல் பிழைத்தால் அங்கேயே திருத்துங்கோ, சிரித்தாலும் பரவாயில்லை, ஆனால் மற்ற ஆளுக்குத் திரும்பி "அதுக்குத் தெரியாது" என்று சொல்லாதேங்கோ. "அது" என்பது நீங்கள் தவழுகிற பிள்ளைக்குச் சொல்லுகிற சொல், நான் சம்பளம் எடுத்து வரி கட்டுகிற ஆள். காணி, கடன், வருத்தம், ஆருடைய கலியாணம் ஏன் குழம்பியது, இதெல்லாம் கதைக்கும்போது நான் வந்தால் கதையை நிறுத்தாதேங்கோ. நான் விடுப்புக் கேட்கவில்லை (கொஞ்சம் கேட்கிறேன்தான்), அந்தக் கதைகளுக்குள்தான் நான் தேடுகிற தமிழ் இருக்கிறது. என்னை விட வயது கூடியவர்கள், என்னோடு அவ்வளவு பழக்கம் இல்லாதவர்கள், கூச்சமில்லாமல் "நீர்" என்று சொல்லுங்கோ. இனிமேல் கதவைச் சாத்த மாட்டேன்.

நோர்வேயிலும் எல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. அங்கே பிறந்தவள் என்று சொன்ன பிறகும் "இல்லை, உண்மையில் எந்த நாடு?" என்று கேட்பார்கள், அதற்கு வேறு மடல் வேறு மொழியில் எழுதிக்கொள்கிறேன்.

கடைசியாக, இது அவசரம். வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்த ஐயாவின் அந்தியேட்டி. வீட்டுக்கிருத்தியத்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் அம்மம்மாவின் பெயருக்குக் கார்ட் வந்திருக்கிறது. அம்மம்மாவால் ஏலாது, நான்தான் போகவேண்டும். சாப்பிட்டு முடிந்து வெளிக்கிடும்போது மாமியிடம் என்ன செய்வது? அதோடு 31 நாள் முடிந்துவிடும், துடக்குக் கழிந்துவிடும், அப்படியென்றால் "போயிட்டு வாறன்" சொல்லலாமா, அல்லது இன்னும் பேசாமல்தான் எழும்ப வேண்டுமா? அம்மம்மா சொல்லலாம் என்கிறா, மூன்றாம் மாடி மாமி கூடாது என்கிறா. தெரிந்தவர்கள் சனிக்கிழமைக்கு முன்னம் சொல்லுங்கோ. லிப்டுக்குள் கண்டாலும் சரி, தமிழில்.

இப்படிக்கு,
மூன்று கதவு தள்ளி இருக்கும் நோர்வேப் பேத்தி